இரண்டாவது தூதன்

என் தம்பிக்கு இறக்கை தைத்து முடித்த பிறகுதான், அவனுக்கு வேடமே இல்லை என்று தெரிந்தது.

தம்பியை எல்லோரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். அந்த அளவுதான் இருப்பான். இறக்கையைத் தைத்தது பெரியம்மா. அவர் தையல்கடை வைத்திருக்கிறார். மிச்சமான வெள்ளைத் துணியை அட்டையில் ஒட்டி, ஓரமெல்லாம் சரிகை வைத்து அழகாகச் செய்து கொடுத்தார். பட்டாணி அதைக் கழற்றவே மாட்டேன் என்றான். சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான்.

எங்கள் ஆலயத்தின் ஆண்டு விழாவுக்கு ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போட வேண்டும். இயேசுவை அடக்கம் செய்த கல்லறைக்குப் பெண்கள் விடியற்காலையில் போகிறார்கள், அது காலியாக இருக்கிறது, தேவதூதர்கள் செய்தி சொல்கிறார்கள். இதுதான் கதை. நான் கட்டுரையெல்லாம் நன்றாக எழுதுவேன் என்று டீச்சர் நாடகம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நான் பைபிளைத் திறந்தேன், இயேசுவின் கதையை நான்கு பேர் எழுதிய நான்கு சுவிசேஷங்களில் லூக்கா எழுதியது கண்ணில் பட்டது. அதில் கல்லறையில் இரண்டு பேர் நின்றார்கள். சரி, ஒருவன் வக்கீல், இன்னொருவன் பட்டாணி என்று எழுதிவிட்டேன்.

வக்கீல் என்றால் நிஜ வக்கீல் இல்லை. பெரியம்மாவின் மகன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னால்கூட "யார் பார்த்தது?" என்று கேட்பான். அதனால் அந்தப் பெயர்.

அவன்தான் மத்தேயு சுவிசேஷத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இங்க பாரு, ஒரே ஒரு தூதன்தான் வர்றான். ரெண்டாவது ஆளு எங்கேருந்து வந்தான்? உன் தம்பி கணக்குலயே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், பட்டாணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

டீச்சரிடம் ஓடினேன். அவர் வார நாட்களில் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவர், வரிசையில் நிற்கிறவர்களிடம் பேசிப் பேசிச் சுருக்கமாகத்தான் பேசுவார். நான்கு சுவிசேஷங்களையும் படி, ஒத்திகைக்குள் ஒரு முடிவுக்கு வா என்றார். அவ்வளவுதான்.

படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

மத்தேயுவில் நிலம் அதிர்கிறது, ஒரு தூதன் இறங்கி வந்து கல்லறைக் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்காருகிறான். மாற்குவில் கல் ஏற்கெனவே புரண்டு கிடக்கிறது, உள்ளே வெள்ளை உடையில் ஒரு வாலிபன் உட்கார்ந்திருக்கிறான். லூக்காவில் இரண்டு பேர். யோவானில் அந்தப் பெண்களில் ஒருத்தியான மகதலேனா மரியாள் இன்னும் இருட்டாக இருக்கும்போதே வருகிறாள், வேறு யார் பெயரும் இல்லை. அவள் ஒருமுறை ஓடிப்போய்த் திரும்பி வந்து அழும்போதுதான் இரண்டு தூதர்களைப் பார்க்கிறாள். மற்ற மூன்றிலும் அவளோடு வேறு பெண்களும் இருக்கிறார்கள். அதிலும் ஒன்றில் இருக்கிற பெயர் இன்னொன்றில் இல்லை. எனக்குத் தலை சுற்றியது.

பரவாயில்லை, நான்கையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்று நினைத்தேன். யாரையும் விட வேண்டாம், பட்டாணியும் பிழைத்துக்கொள்வான். எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

ஒத்திகையில் அந்தப் பெருமை கப்பலேறியது. வக்கீல் கல்லைப் புரட்ட வந்தால் கல் ஏற்கெனவே புரண்டு கிடந்தது. மரியாளாக நடித்த பெண் தனியாக வந்தாள், அவளோடு இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். கடைசியில் அவள் நடுமேடையில் நின்று என்னைக் கேட்டாள். "மத்தேயுல ஓடிப்போய் சீடர்கள்கிட்ட சொல்லணும்னு இருக்கு. மாற்குல பயத்துல யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலன்னு இருக்கு. இப்ப நான் சொல்லணுமா, வாய மூடிட்டு நிக்கணுமா?"

எனக்கு என்ன தெரியும்? நான் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு பேர் நாலு விதமா சொன்னா, மூணு பேராவது பொய் சொல்றாங்கன்னு அர்த்தம்" என்றான் வக்கீல். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

டீச்சர் திட்டவில்லை. நான் செய்ததை ரொம்பக் காலத்துக்கு முன்பே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார் என்றார். நான்கையும் சேர்த்து ஒரே கதையாக எழுதினாராம், சில ஊர்ச் சபைகளில் அதைப் பல தலைமுறை வாசித்தார்களாம். ஆனாலும் கடைசியில் சபைகள் நான்கையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டன. இயேசுவின் கதையை முதலில் வாய்வழியாகத்தான் சொல்லி வந்தார்கள், பல வருடங்கள் கழித்துத்தான் எழுதினார்கள் என்றும் சொன்னார். இதை ஆராய்ந்து படித்தவர்களில் பெரும்பாலோர் மாற்குதான் முதலில் எழுதப்பட்டது என்று நினைக்கிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியதால்தான் பல வரிகள் அப்படியே ஒத்துப்போகின்றன. யோவான் மட்டும் தன் வழியில் போகிறது.

"கையில வச்சுக்கிட்டு எழுதினவங்க ஏன் டீச்சர் மாத்தினாங்க?" என்று கேட்டேன். அது நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, கவுன்டரைத் திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். முன்னைவிட அதிகமாகக் குழம்பிப்போய் வக்கீலோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பட்டாணியைக் காணோம்.

அம்மா மாடிக்கும் கீழேயுமாக ஓடினார். கீழே மருந்துக்கடை வைத்திருக்கிற மாமா கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் தேடினார். அப்பா லாரி ஓட்டுபவர், தூரத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு போன் செய்துவிட்டு அழுதார். நானும் வக்கீலும் அறை அறையாகத் தேடினோம். அம்மாவின் துணி அலமாரிக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. வக்கீல் கதவை இழுத்தான், நான் டார்ச் அடித்தேன். சேலைகளுக்கு நடுவில் இறக்கையோடு பட்டாணி உட்கார்ந்திருந்தான்.

"நான் கணக்குல இல்லன்னு அண்ணன் சொன்னான்ல" என்றான். கன்னமெல்லாம் கண்ணீர்க் கோடு. வக்கீல் தரையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

அம்மா அப்பாவுக்கு போன் செய்தார். "கிடைச்சுட்டான். வீட்லதான் இருந்தான். வக்கீல் கண்டுபிடிச்சான். நீங்க பதறாம வண்டிய ஓட்டுங்க." அவ்வளவுதான் பேச்சு.

அடுத்து பெரியம்மாவுக்கு. இந்த முறை கதை இறக்கை தைத்த நாளிலிருந்து தொடங்கியது. பிள்ளை எப்படி அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான், சரிகை கொஞ்சம்கூடப் பிரியவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். மருந்துக்கடை மாமா பேரே வரவில்லை. அதற்குள் வக்கீல் மாமாவிடம் போய், தும்மலைக் கேட்டவுடன் தான் எப்படி மூளையைப் பயன்படுத்தினேன் என்று அளந்துகொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டார்ச் அடித்தது நான்தானே, நான் எங்கே போனேன் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

அம்மா சிரித்தார். "நீ இருந்தே, யாரு இல்லன்னா? வண்டி ஓட்டுற மனுஷனுக்குப் பிள்ள கிடைச்சான்னு தெரிஞ்சா போதும். பெரியம்மாவுக்கு அவங்க தைச்ச றெக்கையப் பத்தித் தெரியணும். கேக்குறவங்களப் பாத்துத்தானே சொல்ல முடியும்?"

நான் உள்ளே ஓடினேன். பைபிளை எடுத்தேன். இந்த முறை எத்தனை தூதர் என்று எண்ணவில்லை. யாருக்குச் சொல்கிறார்கள் என்று தேடினேன்.

மத்தேயு எடுத்தவுடன் ஆபிரகாமிலிருந்து இயேசு வரை வம்சத்தைச் சொல்கிறார். அடிக்கடி, பழைய தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறியது என்கிறார். பழைய வேதத்தைக் கரைத்துக் குடித்த யூத மக்களுக்குச் சொல்கிறார் போல. மாற்குவில் பிறந்த கதையே இல்லை. எல்லாம் 'உடனே, உடனே' என்று ஓட்டம்தான், அம்மா அப்பாவுக்கு போன் செய்ததைப் போல. லூக்கா தெயோப்பிலு என்பவருக்கு எழுதுகிறார். பலர் எழுதியிருக்கிறார்கள், நேரில் பார்த்தவர்கள் சொன்னதை நானும் நன்றாக விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்று அவரே முதலில் சொல்லிவிடுகிறார். வம்சத்தையும் ஆதாம் வரைக்கும் கொண்டுபோகிறார், எல்லா மனிதருக்கும் சொந்தம் என்கிற மாதிரி. யோவான் உலகம் உண்டாவதற்கு முன்னாலிருந்தே தொடங்குகிறார். நீங்கள் நம்ப வேண்டும் என்றுதான் எழுதினேன், எல்லாவற்றையும் எழுதினால் புத்தகங்களை உலகமே கொள்ளாது என்று கடைசியில் சொல்கிறார்.

வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமாகிட்ட என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அப்ப நீ பொய்யா சொன்னே?"

அவன் பைபிளை வாங்கிக்கொண்டு போனான். ஆனால் வக்கீல் ஆயிற்றே, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட்டது சரி, கல் முன்னாலேயே புரண்டிருந்ததா, தூதன் வந்து புரட்டினானா, அது எப்படி என்று கேட்டான்.

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. மறுநாள் டீச்சரைக் கேட்டால், அதைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் பல நூறு வருடங்களாக யோசிக்கிறார்கள், பொருத்திப் பார்க்கிறவர்களும் உண்டு, பொருந்தாததை அப்படியே விடுகிறவர்களும் உண்டு, தனக்கும் கொஞ்சம் குழப்பம்தான் என்றார். டீச்சருக்கே குழப்பம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நாடகத்தை மாற்றி எழுதினேன். மேடை ஓரத்தில் நான்கு நாற்காலிகள், நான்கு கதைசொல்லிகள். ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொல்லச் சொல்ல, அந்தக் காட்சி மட்டும் நடக்கும். மத்தேயுவில் வக்கீல் கல்லின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்தான். மாற்குவில் அவனே தன் இறக்கையைக் கழற்றிவிட்டு வெறும் வாலிபனாக இருந்தான், பெண்கள் பயந்து பேசாமல் போனார்கள். லூக்காவில் வக்கீலும் பட்டாணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். யோவானில் மரியாள் தனியாக அழுதாள். இயேசுவின் உடல் வைத்திருந்த இடத்தில் தலைமாட்டில் வக்கீல், கால்மாட்டில் பட்டாணி.

சொல்லப்போனால், நான்கு பேருமே அந்த இடத்தில் இறக்கை என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இதைப் பட்டாணியிடமும் பெரியம்மாவிடமும் நான் சொல்லப்போவதில்லை.

விழா முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் லாரி வாசலில் நின்றது. நாடகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அப்பாவுக்கு வருத்தம். பட்டாணியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கல்லறையில் என்ன நடந்தது, நீயே சொல்லு என்றார்.

பட்டாணி இறக்கையைச் சரி செய்துகொண்டான். "அந்த அக்கா அழுதாங்கப்பா. அங்க ஒரு தூதன் இருந்தான். அது நான்தான்."

"ஒரே தூதனா?" என்று அப்பா எங்களைப் பார்த்தார்.

நான் வக்கீலைப் பார்த்தேன். வக்கீல் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு பட்டாணியின் தலையைத் தடவினான்.

"அவன் சொல்றது சரிதான் சித்தப்பா" என்றான். "முழுசாக் கேளுங்க."