ஆட்சேபணை உண்டா?

"அய்யோ... யாராவது வாங்களேன்!"

அலறல் மாடிப்படியிலிருந்து வந்தது. தையல்காரம்மா மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கடைசிப் படியில் இஸ்திரிக்காரி குப்புறக் கிடந்தாள். நெற்றியில் ரத்தம். பக்கத்தில் தலையில் கை வைத்தபடி அவளுடைய நாத்தனார், காய்கறிக்காரி.

மேலே, மகளிர் சுயஉதவிக் குழு கூடும் அறை வாசலில் தலைவி நின்றிருந்தாள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்காரி. முகம் வெளிறிப் போயிருந்தது.

நேற்றுக் கூட்டத்தில் இதே தலைவி இதே இஸ்திரிக்காரியைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா?

"தவணை கட்டாதவளுக்கு இங்க என்ன வேலை? அடுத்த கூட்டத்துல உன்னை நீக்குறேன். உன் சேமிப்பைக் கடன்ல கழிச்சுக்குவோம்."

இஸ்திரிக்காரியைக் குழுவில் சேர்த்ததே தையல்காரம்மாதான். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள், நாத்தனார் வீட்டில் ஒண்டுக் குடித்தனம். அந்தச் சேமிப்பும் போனால் நடுத்தெருதான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த இஸ்திரிக்காரி பெண் போலீசிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"வழுக்கிடுச்சு."

"யாரும் தள்ளலையே?"

"இல்லீங்க."

அவள் கண் மட்டும் வேறு எதையோ சொன்னது.

வராந்தாவில் காய்கறிக்காரி தையல்காரம்மாவின் காதைக் கடித்தாள்.

"வழுக்குறதாவது... தலைவி தள்ளிவிட்டிருக்கா. பயத்துல என் தம்பி பொண்டாட்டி வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? மேல நின்னது யாரு?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தையல்காரம்மா குழுவின் பொருளாளர். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டுவது அவளுக்கு ஆகாது. குழுக்களின் கூட்டமைப்புக்கு போன் போட்டாள்.

"மேடம், தகராறுல தலைவியே ஒரு கட்சி. அவங்க தலைமையில விசாரிக்க முடியாது. நீங்க வந்து நடத்துங்க."

இஸ்திரிக்காரியால் எழுந்து உட்கார முடிந்ததும், ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்திலேயே கூட்டம் கூடியது. டாக்டர் அனுமதி கொடுத்தார். நர்ஸ் முறைத்தாள். முக்கால்வாசி உறுப்பினர்கள் வந்திருந்ததால் தீர்மானம் செல்லும். ஒரு ஓரமாகப் பெண் போலீசும் உட்கார்ந்திருந்தாள். விழுந்ததை ‘வழுக்கல்’ என்று எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

கூட்டமைப்புக்காரி கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க வரக்கூடாது. எல்லாருக்கும் முறை வரும். முதல்ல கடன் வாங்கினவங்க."

இஸ்திரிக்காரி சக்கர நாற்காலியில் நெளிந்தாள்.

"கடன் என் பேர்லதான் இருக்கு. பணம் என் கைக்கு வரலை. தலைவிதான் எடுத்துக்கிட்டாங்க. கொஞ்ச நாள் அவங்களே கட்டினாங்க. அப்புறம் நிறுத்திட்டு என்னைக் கட்டச் சொன்னாங்க..."

"பொய்!" தலைவி எழுந்தாள்.

"உக்காருங்க. உங்க முறை வரும்."

தையல்காரம்மா கை தூக்கினாள்.

"புது இஸ்திரிப் பெட்டி வாங்கன்னு தீர்மானம் போட்டுக் கொடுத்த கடன் அது. வாங்கினாங்களான்னு ரெண்டு பேரு நேர்ல போய்ப் பாக்கணும்ங்கிறது நம்ம விதி. யாரு பாத்தது?"

"நானும் காய்கறிக்காரியும்," என்று பால்காரம்மா முனகினாள். "ஆனா... நான் போகலை. அவங்க ஒரே வீட்டுல இருக்கிறவங்க, தெரியாமலா போடுவாங்கன்னு நானும் கீழ கையெழுத்துப் போட்டேன்."

எல்லாத் தலைகளும் காய்கறிக்காரி பக்கம் திரும்பின. அவள் பொலபொலவென்று அழுதாள்.

"தலைவி போடச் சொன்னா, போட்டேன். நம்பி மோசம் போயிட்டேன் தாயீ..."

தலைவியின் முறை வந்தது. நின்றாள். தரையைப் பார்த்தாள்.

"என் மகளுக்கு ஆபரேஷன். என் பேர்ல பழைய கடன் முடியலை. முடியாம புதுசு வாங்கக் கூடாதுன்னு விதி போட்டதே நான்தான். கேக்க வெக்கமா இருந்துச்சு. இவ பேர்ல எடுத்தேன்... தப்புதான்."

தையல்காரம்மாவுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கேட்டிருந்தால் அவசரக் கடன் கொடுத்திருப்பார்களே. இந்தக் குழு எதற்காக இருக்கிறது?

பேச்சு நீண்டது. "துரத்துங்க அவளை," என்றார்கள் சிலர்.

"துரத்தினா பணம் எப்படி வரும்?" கூட்டமைப்புக்காரி கேட்டாள். "குழு அவங்களை நீக்கினா கடன் மத்தவங்க தலையிலதான் விழும். பேங்குக்கு நீங்க எல்லாரும் சேர்ந்துதான் பொறுப்பு."

அந்த ஒரு கேள்வியில் கூச்சல் இறங்கியது. ஒவ்வொருத்தியாகச் சொல்ல, முடிவு உருவானது. கடன் தலைவி பேருக்கு மாறும். மகள் வைத்தியம் முடியும்வரை தவணை சிறிதாக இருக்கும். அவள் பதவியை விட்டு இறங்க வேண்டும், உறுப்பினராக இருக்கலாம். தவணை தவறியதற்காக இஸ்திரிக்காரி மேல் போட்ட அபராதம் ரத்து. அவள் கைக்காசிலிருந்து கட்டியது அவள் கணக்குக்குத் திரும்பும். இனி பணம் கூட்டத்தில் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் கைமாறும். யார் வீட்டிலும் கொடுக்கக் கூடாது. தீர்மானத்தை உரக்க வாசித்தார்கள். தலைவியும் கையெழுத்துப் போட்டாள்.

"அடுத்தது புதுத் தலைவி. பேரு சொல்லுங்க. ரகசிய ஓட்டுத்தான்."

"காய்கறிக்காரி," என்றது ஒரு குரல். "பாவம், அவளையும் ஏமாத்தியிருக்காங்க. வெளிப்படையா ஒத்துக்கிட்டா."

நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். காய்கறிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பேருக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

வழக்கமாக யாரும் பதில் சொல்லாத கேள்வி.

சக்கர நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு உண்டு."

காய்கறிக்காரி திரும்பினாள். "என்னடி..."

"குறுக்க வராதீங்க அண்ணி. என் முறை." இஸ்திரிக்காரியின் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "பேரைக் கொடுடின்னு என்னை நெருக்கினது நீங்கதான். இல்லாட்டி வீட்டை விட்டுப் போன்னு சொன்னீங்க. பாதிப் பணம் உங்களுக்குத்தான் வந்துச்சு. கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லப் போறேன்னு மாடிப்படியில சொன்னேன். சொல்லி முடிக்கல... தள்ளினீங்க."

இத்தனை நாளும் தையல்காரம்மா காய்கறிக்காரியின் பேச்சைத்தானே நம்பியிருந்தாள்.

"விழுந்ததுல மூளை கலங்கிடுச்சு இவளுக்கு," காய்கறிக்காரி சிரிக்கப் பார்த்தாள். "யாரு பாத்தது?"

"நான் பாத்தேன்."

சொன்னது பழைய தலைவி.

"மேல நின்னு பாத்தேன். நான் சொன்னா கடன் விஷயம் வெளிய வரும்னு வாயை மூடிக்கிட்டேன். இப்பதான் எல்லாம் வெளிய வந்துடுச்சே... இனி எனக்கென்ன பயம்? பாதிப் பணம் இவளுக்குத்தான் கொடுத்தேன்."

காய்கறிக்காரி கும்பிட்டாள். "குழுவுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாமே... நம்ம வீட்டு விஷயம்..."

கூட்டமைப்புக்காரி தலையசைத்தாள்.

"அந்தப் பாதிக் கடன் உங்க பேருக்கு மாறும். அது குழு விஷயம், பேசித் தீர்க்கலாம். ஆளைத் தள்ளினது குழு விஷயம் இல்லை."

பெண் போலீஸ் எழுந்து வந்து காய்கறிக்காரியின் கையைப் பிடித்தாள்.

இஸ்திரிக்காரி விம்மினாள். "அக்கா... இனி நான் எந்த வீட்டுக்குப் போவேன்?"

"என் வீட்டுக்கு. பிள்ளைங்க ஏற்கெனவே அங்கதான் விளையாடிக்கிட்டு இருக்கு," என்று தையல்காரம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

வாசல் வரை போன பெண் போலீஸ், கைதியோடு நின்று திரும்பினாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். உங்க குழுவுல நானும் சேரலாமா? என்ன செய்யணும்?"

தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"முதல்ல கொஞ்ச நாள் ஒழுங்கா சேமிக்கணும் மேடம். கடன், சண்டை, கொலை முயற்சி எல்லாம் அதுக்கப்புறம்தான்."