பூஜடை போட்ட அந்தக் குழந்தை யார்?

பசியாவரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் ஒரு வீட்டின் பழைய படம் வரும். இந்த வாரம் பூவிழி வீட்டு முறை.

பெட்டியைக் கிண்டி ஒரு படத்தை எடுத்தாள். அரைக்கால் சட்டையில் ஒரு பையன். பக்கத்தில் பாவாடை கட்டி, பூஜடை போட்ட குட்டிப் பாப்பா.

நைனாவின் போனில் எழுத ஆரம்பித்தாள். "இடது பக்கம் கோதண்டம். வலது பக்கம் லோகநாயகி."

அனுப்பும் முன் இருவரையும் கேட்பதுதான் நியாயம் என்று தோன்றியது.

"என் பேரை தாராளமா போடு," என்றார் நைனா கோதண்டம், படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அத்தை லோகநாயகிக்குப் போன் போட்டு, பூஜடைப் படத்தில் பேரைப் போடலாமா என்று கேட்டாள்.

அத்தை சிரித்தாள். "எந்தப் படம்டீ? பின்னால வருசம் இருக்கா பாரு."

"1988."

"நான் அப்போ பொறக்கவே இல்லயே! அது உன் சித்தப்பன் கேசவன். மொட்டை போடறதுக்கு முன்னால சிங்காரிச்சுப் படம் எடுத்தாங்க."

பூவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீசை முறுக்கிப் படகு ஓட்டும் சித்தப்பாவா இது?

வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் ஓடினாள். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"இன்னா பூவிழி, என் மானத்தை வாங்கப் போறியா? நாளைக்கு மீன் ஏலத்துல ஒருத்தனும் என்னைச் சும்மா விடமாட்டான்."

"படமே போட வேணாமா? இல்ல, பேரு மட்டும் வேணாமா?"

சித்தப்பா யோசித்தார். "படம் போட்டுக்கோ. பேரைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே."

வேறு பெயரைப் போட்டால் பொய். தங்கை என்றாலும் பொய். பூவிழி அழித்தழித்து எழுதினாள்.

"1988. மொட்டை போடும் முன் எடுத்த படம். இடது பக்கம் கோதண்டம், ஏழு வயது. வலது பக்கம் எங்கள் வீட்டுக் குழந்தை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை."

சித்தப்பா இரண்டு முறை படித்துத் தலையாட்டிய பிறகே அனுப்பினாள்.

குழு கலகலத்தது.

"லோகநாயகிதானே?" என்று கண்ணப்பன் தாத்தா கேட்டார்.

"இல்லை தாத்தா. அதுக்கு மேல கேக்காதீங்க," என்று பதில் போட்டாள் பூவிழி.

நைனாவுக்கு நாக்கு அரித்தது. "நான் சொல்லிடட்டா?"

"நைனா! அது உங்க பேரு இல்ல."

வெளியே வலை ஊசி நின்றுவிட்டது. சித்தப்பாவும் தன் போனில் குழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது இருசம்மாள் அத்தை எழுதினார்: "எவ்ளோ லட்சணம்! இந்தப் பொண்ணை எந்த ஊருக்குக் கட்டிக் குடுத்தீங்க?"

சித்தப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் அவரே தட்டினார்.

பூவிழி கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"அது நான்தான், கேசவன். கட்டிக் குடுக்கல இருசம்மா, தோணிரேவு ஊருல பொண்ணு எடுத்தோம்!"