பதினேழாம் எண் முகம்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க... படத்தை மறைக்கிறீங்க."

ஏணிமேல் நின்றபடி சுத்தியலால் வழிகாட்டினான், படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிற சட்டக்காரன். அவள் தள்ளி நின்றாள். அது அவளுடைய படம்தான்... அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து படிக்கிற ஓவியப் பள்ளி அது. பகலெல்லாம் தையற்கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு வருகிறாள் அவள். வயது இருபத்துமூன்று. வாயே திறக்கமாட்டாள் என்று வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் அமுக்குணி.

தன் முகத்தைத் தானே வரைகிற போட்டி. படத்தில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். பெயர், பின்பக்கம் ஒட்டிய உறைக்குள். நடுவர்கள் பதினேழாம் எண்ணுக்கு முதல் பரிசு எழுதிவிட்டுப் போனபின், இன்று காலையில்தான் உறையைக் கிழித்தார்கள். உள்ளே அவள் பெயர்! முதல் பரிசு வாங்குகிறவருக்கு மேல்வகுப்பில் இடம் உண்டு. அதற்காகத்தான் இரண்டு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

சட்டக்காரன் இறங்கி வந்தான். மழையில் நனைந்த தலை, காதில் செருகிய பென்சில்... கண்ணில் மட்டும் ஒரு சிரிப்பு.

"பெயிண்ட் கண்ணாடியில ஒட்டிக்கக் கூடாதுன்னு நடுவுல அட்டை வெச்சு, மூணு நாள் இதோட மல்லாடினேன். யாருங்க இந்தப் பொண்ணு, தெரியுமா?"

"நான்... நாந்தான்."

அவன் அவளைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி அவளை...

"விளையாடாதீங்க. அவங்களுக்கு மச்சம் இடது கன்னத்துல. உங்களுக்கு வலது கன்னத்துல இருக்கு. இந்த முகம் எனக்கு மனப்பாடங்க."

சான்றிதழோடு வந்த மேலாளர் அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. பள்ளியை நடத்த அவருக்கு நன்றாக வரும், படம்தான் வராது.

"ஆமா... தூரிகையும் இடது கையில இருக்கே. நீ வலது கையாலதானேம்மா வரைவே? அடுத்தவங்க முகம்னா பரிசு செல்லாது. என்னன்னு சொல்லு."

காரணம் அவளுக்குத் தெரியும். அதைக் கோர்த்துச் சொல்லத்தான் தெரியவில்லை. கண் நிறைய, வெளி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

'என் கண்ணு தப்பாது' என்று முறைப்பாகத்தான் ஏணியை மடக்கினான் அவன். ஓவிய அறையைக் கடக்கும்போது, முகம் பார்த்து வரையச் சுவரோரம் மாட்டியிருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். பென்சில் இருப்பது அவனுடைய வலது காதில். கண்ணாடிக்குள் இருப்பவன் எதிரே வந்து நின்றால், அவனுக்கு அது இடது காது...

"அட மடையா..."

கண்ணாடியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான்.

"தப்பு என்மேலதாங்க. நூறு கண்ணாடி அறுத்திருக்கேன், ஒண்ணையாவது ஒழுங்கா பார்த்திருக்கேனா... வாங்க, உள்ள வாங்க."

படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தினான். அவள் கண்ணாடிக்கு முன்னால் அமர்ந்து வலது கையில் தூரிகையைப் பிடித்தாள். மேலாளர் அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கண்ணாடியிலும் படத்திலும் மச்சம் ஒரே பக்கம். தூரிகையும் ஒரே பக்கம்.

"சரி... ஆனா கழுத்து ஏன் இவ்வளவு நீளம்?"

அவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது நானா நீட்டினதும்மா. குனிஞ்சே நடக்கிறேன்ல... படத்துலயாவது நிமிரட்டும்னு. கண்ணை இலை மாதிரி நீட்டினேன். நிழலே வைக்கல, நாலே நிறம், ஒவ்வொண்ணும் காயக் காய அடுத்தது. எல்லாத்தையும் மாத்தினாலும் நான்னு தெரியணும்ல... அதான் மச்சத்தை மட்டும் கண்ணாடியில பார்த்த இடத்துலயே வெச்சேன்."

அமுக்குணி இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. மேலாளர் அம்மா சான்றிதழை அவள் கையில் வைத்தார்.

வெளியே மழை இன்னும் பிடிவாதமாகப் பெய்துகொண்டிருந்தது. வராந்தாவில் அவனும் வந்து நின்றான்.

"கோபம் போச்சா?"

"பாதி."

"மூணு நாளா பார்த்துப் பார்த்து... ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க."

"படத்தையா?"

"முதல்ல படத்தை... இப்போ..."

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து உருட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"முழுசா சொல்லுங்க. எனக்குப் பேச்சுதான் வராது, காது நல்லாக் கேக்கும்."

"உங்களை."

மழைச் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. காது மடல் வரைக்கும் சூடேறியது அவளுக்கு... ஆனால் தலை குனியவில்லை.

"எனக்கும்தான்... ஏணியில நின்னு அதட்டினீங்களே, அப்பவே. ஆனா வீட்டுல எங்க அக்கா இருக்கா. நீங்க வந்து அவகிட்டயும் இதைத் திக்காம சொல்லணும்."

"இப்பவேவா?"

"மழை விடட்டும்..." என்றாள். அது விடவே வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.