முன்கண்ணாடியின் வருடம்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் யாராவது வண்டி விற்பார்கள். நான் செடிக்குத் தண்ணீர் விடுவேன். ஒரு மணி நேரம் விட்டாலும் என் செடிகள் அழுகுவதில்லை. குழாயைத் திறப்பதே அபூர்வம்.

அன்று எதிர்வீட்டுப் பழனிநாதன் தன் வெள்ளை ஹேட்ச்பேக் காரைத் துடைத்து நிறுத்தியிருந்தார். இரண்டாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருட மாடல், மின்வண்டி. வாங்க வந்தவள் மூன்றாம் வீட்டுத் தேன்மொழி. அவள் வேலை பல்லடத்துக்கு மாறிவிட்டது, அந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. கூடவே அவள் தம்பியின் சிநேகிதன், மெக்கானிக் பெனடிக்ட். பேரம் பேச அவள், வண்டியைச் சோதிக்க அவன்.

பழைய வண்டி வாங்க இப்போதெல்லாம் மெக்கானிக் இல்லாமல் யாரும் போவதில்லை. தானே ஓடும் தானோட்டி வண்டி வந்த பிறகு, இடித்தது மனிதனா இயந்திரமா என்று நீதிமன்றத்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் பழி வண்டியோடு போகும் என்று சட்டம் வந்தது. என்றோ நடந்த விபத்து இன்று வெளிப்பட்டால், இன்று பதிவில் பெயர் உள்ளவர் உள்ளே போவார். தெரிந்தும் மூன்று நாளுக்குள் போலீசில் சொல்லாதவருக்குப் பாதித் தண்டனை.

பழனிநாதன் நாலே முக்கால் லட்சம் என்றார். பேட்டரி தொண்ணூறு சதவீதம் இருக்கிறதாம். பெனடிக்ட் கருவியைச் செருகிப் பார்த்து, எண்பத்தொன்று என்று காட்டினான். டயரில் அச்சடித்திருந்த வாரமும் வருடமும் ஆறு வருடப் பழசு. தேன்மொழி இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்று லட்சத்துக்கு இறங்கினாள். பட்டுப்புடவைக் கடைக்காரரையே அழவைத்தவள் அவள்.

"க்ளெய்ம் ஒண்ணுகூட இல்லைங்க," என்றார் பழனிநாதன். "இன்சூரன்ஸ் பேப்பரைப் பாருங்க, அத்தனை சுத்தம்."

பெனடிக்ட் பெயின்ட் கனம் அளக்கும் கருவியைக் கூரையில் வைத்தான்: நூற்றுப் பத்து மைக்ரான். பானட்டில் வைத்தான்: இருநூற்று அறுபது, மறுபடி பெயின்ட் அடித்தது. பானட் கீல் போல்ட்டுகளைத் தடவினான்; ஸ்பேனர் கடித்த தடம். வலது விளக்கு மஞ்சள் பாய்ந்திருந்தது, இடது புத்தம்புதிது. கடைசியாக முன்கண்ணாடியின் மூலையில் குனிந்தான். பிறகு அவன் எதையும் தொடவில்லை.

"மூணுன்னா மூணுங்க," என்றார் பழனிநாதன்.

என் கையிலிருந்து தண்ணீர்க் குழாய் நழுவியது. கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு அரைமணி நிற்கிற மனிதர் இவர். தேன்மொழிக்கோ வெற்றிக் களிப்பு. "ரெண்டே முக்கால்," என்றாள். அவர் தலையாட்டினார். அவள் ஒப்பந்தத் திரையில் கை வைக்கப் போனாள். கை வைத்த நொடியில் வண்டி அவள் பெயருக்கு மாறிவிடும்.

வண்டியின் காது, அதாவது ஒலிப்பதிவுக் கருவி, திறந்திருந்தது. அங்கே பேசியதெல்லாம் சாட்சி. பெனடிக்ட் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, இந்த சீட்டு உங்களுக்கு உயரம் பத்தாதுங்க."

தேன்மொழி அவன் முகத்தைப் பார்த்தாள். கை காற்றிலேயே நின்றது.

"ரெண்டுங்க," என்றார் பழனிநாதன். பெனடிக்ட் கருவிகளைப் பையில் போட்டான். "ஒண்ணு." திரையை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க சும்மாவே எடுத்துட்டுப் போங்கம்மா. பேரை மட்டும் மாத்திக்கங்க."

அவர்கள் நடந்து வந்து, வண்டிக்குக் கேட்காத தூரம் என்று என் கேட்டருகே நின்றார்கள். நான் ரோஜாவுக்குப் பின்னால் குனிந்தேன். மெனக்கெட்டுக் கேட்டதற்குக் கிடைத்த கூலி இது.

"கண்ணாடி மூலையில வருசம் போட்டிருக்கும்க்கா. மத்ததெல்லாம் நாப்பத்தொம்பது, முன்கண்ணாடி மட்டும் அம்பத்திமூணு," என்றான் பெனடிக்ட். "கண்ணாடி உடைஞ்சா யாருமே இன்சூரன்ஸ்லதான் மாத்துவாங்க. இதைக் கைக்காசு குடுத்து மாத்தியிருக்காங்க, சத்தமில்லாம."

"எதாச்சும் சுவத்துல இடிச்சிருப்பாங்க."

"சுவருன்னா உள்ளே ஃப்ரேம் வளைஞ்சிருக்கும்க்கா. அது நூல் புடிச்ச மாதிரி இருக்குது. விளக்கு, பானட், கண்ணாடி. கீழேருந்து மேலே போயிருக்குது. ஒரு ஆள் உருண்ட வழி."

"பழனிநாதன் அண்ணனா?"

"பேப்பர்படி அவர் வாங்கினது அம்பத்திநாலுல. அவருக்கு முன்னாடி யாரோ. இவருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்குது."

சொன்னால் ஒன்றும் செய்யாத பழனிநாதன் உள்ளே போவார். சொல்லாவிட்டால் இவர்கள் இருவருக்கும், ஒட்டுக்கேட்ட எனக்கும் பாதித் தண்டனை. மாடாகவும் இருக்கலாம் என்றாள் தேன்மொழி. இருக்கலாம் என்றான் அவன். மாட்டில் இடித்திருந்தால் பானட் இருந்திருக்காது என்பது எனக்கே தெரியும். இருவரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

திங்கள், செவ்வாய், புதன். தேன்மொழி என்னைப் பார்த்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி போனாள். எந்தத் தெருச் செய்தியையும் அரைநாள்கூட மனதில் வைத்திருக்காத நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் மூன்று இரவும் விளக்கு அணையவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு ஓர் இளஞ்ஜோடி வந்தது. மெக்கானிக் இல்லை. அந்தப் பெண் நிறைமாதம். பேட்டரி எவ்வளவு என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. விலை கேட்டு மயங்கிவிட்டார்கள். பையன் மட்டும் விவரமாக என் கேட்டுக்கு வந்தான்.

"ஏனுங்க, எதிர்வீட்டுலயே இருக்கறீங்க. அந்த வண்டி எப்படிங்க?"

மூன்று நாள் கழிந்துவிட்டது. இனி நான் சொன்னால், சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னதாகும். பழனிநாதன் திண்டுக்கல் பூட்டுப் போல நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வண்டிங்க," என்றேன். "இத்தனை நாள்ல ஒரு சத்தம் கேட்டதில்லை."

அவன் ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்தான். அவள் பெயரிலேயே இருக்கட்டும் என்று அவள் உள்ளங்கையைத் திரையில் வைத்தான். நான் குழாயைத் திறந்தேன். அன்றைக்குத் தண்ணீர் நிஜமாகவே விழுந்தது.