கம்பிக்கு அடியில் ஒரு கடிதம்

ஷீபா செய்தது நல்ல எண்ணத்தில்தான். அதனால்தான் பயம் இன்னும் அதிகமாக இருந்தது.

போடியில் ஏலக்காய்க் கடைக்கு மேல் மாடியில் பொன்னுராஜ் சார் குடியிருந்தார். பழைய ராக் பாட்டுகளின் ரிஃப்களைக் கிட்டாரில் சொல்லித்தருவார். ரிஃப் என்றால் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்னத் துண்டு. ஒரு காலத்தில் படிக்கட்டு வரை மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது ஆறாம் வகுப்பு ஷீபா மட்டும்தான்.

திங்கட்கிழமை சார் கண் ஆபரேஷன் முடிந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தான் கிட்டார் பழகும் சத்தம் அவரை எழுப்பக் கூடாதென்று ஷீபா நினைத்தாள். அவர் சொல்லித்தந்த வழி ஒன்று இருந்தது. கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில் ஒரு காகிதத்தை மடித்துச் செருகினால் சத்தம் அடங்கிவிடும். ஸ்டூலில் கிடந்த காகிதங்களில் ஒரு கவரை எடுத்து, மடித்து, செருகினாள். கரண்ட் பில்லாக இருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் சார் கேட்டார். "ஆத்தா, கடுதாசி ஏதும் வந்துச்சா? கோம்பை ஊர்க்கார ஈஸ்வரபாண்டி எழுதுறேன்னு சொன்னான். எங்கிட்ட படிச்ச பய. இப்ப கோயமுத்தூர்ல நர்ஸா இருக்கான்."

நேற்றுச் செருகிய கவர் இன்னும் கம்பிக்கு அடியிலேயே இருந்தது. சார் முகம் கழுவப் போனதும் கவரை இழுத்தாள். அவசரத்தில் அது பிரிட்ஜில் மாட்டி, உள்ளே இருந்த கடிதத்தோடு சேர்ந்து கிழிந்தது. ஒரு துண்டு கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் விழுந்து தொலைந்தது. கவரின் மேல் 'அனுப்புநர்: ஈஸ்வரபாண்டி' என்றிருந்தது.

"வரல சார்" என்று சொல்லிவிட்டாள். கடிதத்தைக் கணக்கு நோட்டுக்குள் ஒளித்தாள்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் சார் இனி வராதே என்று சொல்லிவிடுவாரோ?

புதன்கிழமை சார் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க சார் கொண்டு போறீக?"

"தேனியில பழைய கிட்டாரு வாங்குற வேல்பாண்டி வாராக. அவுகளுக்கே குடுத்துரலாம்னு இருக்கேன். சொல்லிக்குடுத்த பயலே மறந்துட்டான். இந்தப் பழைய பாட்டு இனி யாருக்கு வேணும்?"

தான் வாயைத் திறக்காவிட்டால் கிட்டார் போய்விடும். திறந்தால் தானே போக வேண்டியிருக்கும். கணக்கு நோட்டைத் திறந்தாள்.

"அவுக மறக்கல சார். நாந்தான் பொய் சொன்னேன்." எல்லாவற்றையும் சொன்னாள்.

சார் உறையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். ஒரு கண்ணில் கட்டு. மறுகண்ணும் மங்கல். எந்த முகத்தோடு இருக்கிறார் என்றே தெரியவில்லை.

"வாசி" என்றார்.

ஷீபா நடுங்கும் குரலில் வாசித்தாள்.

"சார், வணக்கம். எங்கப்பா ராத்திரி பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். கிட்டார் சத்தம் கேட்டால் அடிப்பாரோ என்று பயந்தேன். நீங்கள்தான் கம்பிக்கு அடியில் காகிதத்தை மடித்து வைக்கச் சொன்னீர்கள். 'சத்தம் பெறகு வரும், மொதல்ல தாளம் வரட்டும்' என்றீர்கள். இன்றும் அவசர சிகிச்சைக்கு ஆள் வரும்போது என் கை நடுங்கும். 'ஒண்ணும், ரெண்டும், மூணும், நாலும்' என்று மனதுக்குள் எண்ணுவேன். நடுக்கம் நின்றுவிடும். முதல் ரிஃப் இன்னும் விரலில் இருக்கிறது. ஐந்தாவது கம்பி விரல் படாமல் சும்மா. நாலாவது கம்பியில் ஆள்காட்டி விரல் இரண்டாம் ஃப்ரெட் கட்டில். வலது கையால் இரண்டு கம்பியையும் சேர்த்துக் கீழ்நோக்கி இரண்டு அடி. பிறகு மோதிர விரல்..."

ஷீபா நிறுத்தினாள். "இங்கனதான் சார் கிழிஞ்சிருக்கு. அதுக்குக் கீழ 'நன்றி சார்'னு மட்டும் இருக்கு."

"மிச்சம் என்னவா இருக்கும்?" என்று கேட்டார் சார்.

அவளுக்கும் சார் முதலில் சொல்லித்தந்தது அதே ரிஃப்தான். ஷீபா கிட்டாரை உறையிலிருந்து எடுத்தாள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க, வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் மேல் லேசாக வைத்தாள். பயத்தோடேயே எண்ணத் தொடங்கினாள். ஒண்ணும், ஆள்காட்டி விரலில் இரண்டு அடி. ரெண்டும், அந்த விரலை எடுக்காமலே மோதிர விரல் நாலாம் கட்டில், இரண்டு அடி. மூணும், மோதிர விரலை எடுத்து இரண்டு அடி. நாலும், மறுபடி வைத்து இரண்டு அடி. கம்பிக்கு அடியில் இப்போது காகிதம் இல்லை. சத்தம் கீழே ஏலக்காய்க் கடை வரை கேட்டது. நாலாவது சுற்றில் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

கதவருகே வேல்பாண்டி வந்து நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க வேல்பாண்டி. கிட்டாரைக் குடுக்க முடியாது, கிளாஸ் நடக்குது" என்றார் சார். பிறகு ஷீபா பக்கம் திரும்பினார். "பொய் சொன்னது தப்பு ஆத்தா. அது எனக்கு வருத்தந்தான். ஆனா காகிதத்தை மடிச்சு வைக்கச் சொன்னது நாந்தானே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேனாவ எடு. பதில் எழுதணும்."

சார் சொல்லச் சொல்ல ஷீபா எழுதினாள்: 'அன்புள்ள ஈஸ்வரபாண்டி, உன் கடுதாசி கிடைச்சது. கிழிஞ்ச எடத்தை எங்கிட்ட படிக்கிற பிள்ள வாசிச்சே காட்டிருச்சு.'