மூன்றாவது சம்மதம்

அப்பா இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. பாண்டிலட்சுமி தன் பத்தொன்பது வயது மகள் கீர்த்திகாவோடு ஆமத்தூர் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று இல்லை. எங்கோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி வெடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கந்தக வாடை தெருவிலேயே தங்கியிருந்தது.

வீட்டுக்குள் வேறு வாசனை. மரிக்கொழுந்து.

ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது.

மரிக்கொழுந்து அவள் தங்கை பொன்னுத்தங்கத்தின் வாசனை. சந்தைக்குப் போய் வரும்போதெல்லாம் அப்பா இளையவளுக்கு மட்டும் மறக்காமல் வாங்கி வருவார். மூத்தவள் கேட்டால், "உனக்கு எதுக்குத் தாயி, தலைவலின்னு சொல்லுவியே" என்பார். பாண்டிலட்சுமிக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் புருஷனைப் பறிகொடுத்த பொன்னுத்தங்கம், பிரசவத்துக்காக சூரத்தில் இருந்த அக்கா பாண்டிலட்சுமி வீட்டுக்குப் போனாள். தாயும் பிள்ளையும் தங்கவில்லை என்று அங்கிருந்து செய்தி வந்தது. அன்றுமுதல் கூடத்துச் சுவரில் அவள் படம் தொங்குகிறது. செத்தவளுக்கு வாரம் ஒரு மாலை போட்டார் அப்பா. உயிரோடிருந்த மகளுக்கு வருஷத்துக்கு ஒரு போன்.

கீர்த்திகா படத்தின் முன் நின்றுவிட்டாள்.

"சித்தி அம்புட்டு அழகும்மா."

"பாத்தது போதும். வந்து உக்காரு."

இந்த வீடு தன் பேருக்கு வந்துவிட வேண்டும். வந்த அன்றே படத்தை இறக்கிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட வேண்டும். கீர்த்திகாவின் கண் தன்மேல் மட்டுமே விழுகிற வீடாக அது மாற வேண்டும். பாண்டிலட்சுமிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தம்பி மணிகண்டராஜ் சிவகாசி அச்சகத்திலிருந்து மை படிந்த விரல்களோடு வந்து சேர்ந்தான். தாய்மாமா அய்யாதுரை நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டார். பெண் கொடுத்தவர்களையும் பெண் எடுத்தவர்களையும் வரவேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"நல்ல காரியம் செஞ்சீக மாமா," என்றான் மணிகண்டராஜ். "என் வீட்டுக்காரி வந்திருந்தா, பேச்சு இன்னும் வாசல்லதான் நிக்கும்."

மாமா சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிருதேன். நான் தீர்ப்புச் சொல்ல வரலை. வீடு உங்களுது, முடிவும் உங்களுது. இன்னைக்குப் பேச்சு மட்டுந்தான், கையெழுத்துக் கிடையாது. ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவர் வாய் திறக்கப்படாது. பழைய நகை, சீர், எவருக்கு எம்புட்டுச் செலவாச்சு, அதெல்லாம் இந்தக் கூடத்துக்குள்ள வேண்டாம். உங்க அம்மா முந்தியே போயிட்டா, உங்க அப்பா உயில் எழுதலை. அதனால மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பிள்ளை முன்னாலயே செத்திருந்தா, அந்தப் பங்கு அது பெத்த பிள்ளைக்கு. பொன்னுத்தங்கத்துக்கு ஆரும் இல்ல. ஆக ரெண்டு பங்கு."

மரிக்கொழுந்து வாசனை சற்று அழுத்தமாக வந்தது.

"வழி மூணு இருக்கு. வித்துப் பிரிக்கலாம். ஒருத்தர் வச்சுக்கிட்டு மத்தவருக்குப் பணம் குடுக்கலாம். விலையை வெளியாள் ரெண்டு பேரு மதிக்கட்டும், பணம் வாங்குனவர் சார்பதிவாளர் ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா கொஞ்ச நாளைக்குக் கூட்டாவே இருக்கட்டும். இளையவன் முதல்ல பேசட்டும். மூத்தவ பேசிட்டா அவன் வாயடைச்சுப் போவான். கடைசியில சம்மதமான்னு கேப்பேன். பங்குள்ளவங்கள்ல ஒருத்தர் இல்லேன்னாலும் முடிவு கிடையாது. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

மணிகண்டராஜ் விற்றுவிடலாம் என்றான். அவனுக்குப் புது மிஷின் வாங்க வேண்டும். பாண்டிலட்சுமி, வீட்டை நானே வைத்துக்கொள்கிறேன், அவன் பாதிக்குப் பணம் தருகிறேன் என்றாள். அவன் யோசிக்கவேயில்லை.

"பணம் வந்தாச் சரிதான்க்கா. சூரத்துல சம்பாதிச்சதெல்லாம் பீரோவுல தூங்குதாக்கும்னு நெனச்சேன்."

"ஏலே மணி, குத்திப் பேசாத," என்றார் மாமா. "சம்மதமா?"

"சம்மதம்."

"சம்மதம்," என்றாள் பாண்டிலட்சுமி.

"ஒரு நிமிஷம் சும்மா இருப்போம். மனசு மாறுனா இப்பவே சொல்லிருங்க."

கூடம் அடங்கியது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"சம்மதமில்ல."

உள்ளறையிலிருந்து வந்தது குரல். பெண் குரல்.

"நீயே கேட்டுட்டு நீயே வேண்டாங்கியே அக்கா?"

"நான் பேசலை."

மணிகண்டராஜ் எழுந்து போய் உள்ளறையைப் பார்த்தான். சுருட்டி வைத்த பாய்கள். வேறு யாருமில்லை. திரும்பி வந்தவன் தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டான்.

"தரை ஈரமா இருக்கு மாமா."

அய்யாதுரை எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். அதே சொற்கள், குரல்தான் தாழ்ந்திருந்தது. பழைய பேச்சு வேண்டாம். சமபங்கு. பொன்னுத்தங்கத்துக்கு ஆரும் இல்ல.

அந்தச் சொல்லில் மின்விசிறி நின்றது.

கரண்ட் போகவில்லை. சுவிட்ச் பலகையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சம்மதமா?"

"சம்மதம்," என்றான் தம்பி, மெதுவாக.

"சம்மதம்."

பாண்டிலட்சுமியின் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. தலைக்குக் குளித்த ஒருத்தி குனிந்து நிற்பதுபோல.

"சம்மதமில்ல."

காதோரம். அவள் திரும்பவில்லை. அந்தக் குரலுக்கு இருபத்திரண்டு வயதுதான். பாண்டிலட்சுமியின் குரல் கரகரத்து எத்தனையோ வருடமாகிறது. செத்தும் அவளுக்கு வயசாகவில்லை. அச்சத்துக்கும் முன்னால் வந்தது அந்த எரிச்சல்தான்.

அய்யாதுரை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். "போதும் தாயி. ஆறப் போட்டு அடுத்த வாரம் பாப்போம்."

"முடியாது மாமா. இன்னைக்கே முடியணும். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் போதும்னாக. சின்னவளை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வச்சாக. ஒரு முழம் மரிக்கொழுந்து கூட எனக்குன்னு இந்த வீட்டுக்கு வந்ததில்ல. இந்த வீடு ஒண்ணுதான் கேக்கேன். அதுக்கும் செத்தவகிட்டச் சம்மதம் வாங்கணுமா?"

பழைய பேச்சு வேண்டாம் என்று மாமா போட்ட கட்டு உடைந்துவிட்டது. அவர் அதட்டவில்லை. நின்றபடியே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"சம்மதமா?"

மணிகண்டராஜ் தலையை மட்டும் ஆட்டினான்.

"சம்மதம்," என்றாள் பாண்டிலட்சுமி.

"சம்மதமில்ல."

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. தூணோரம் உட்கார்ந்திருந்த கீர்த்திகா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் எண்ணெய் வைத்து அம்மா பின்னிவிட்ட சடை. அதன் நுனியிலிருந்து தரையில் நீர் சொட்டியது.

அய்யாதுரை குனிந்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல இதமாகச் சொன்னார். "பங்குள்ளவங்கதான் அதைச் சொல்லலாம் தாயி. உன்னைப் பெத்தவ உசிரோட இங்கன உக்காந்திருக்கா. அவ இருக்கையில உனக்கு இதுல பேச்சில்ல."

பாண்டிலட்சுமி பாய்ந்து மகளின் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரித் தரைபோலச் சில்லிட்டிருந்தது.

"வாடி, நம்ம வீட்டுக்குப் போவோம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். வாடி."

கை அசையவில்லை.

"மாமா," என்றாள் கீர்த்திகா.

அவள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"எனக்கு ஆரும் இல்லேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீக மாமா. " கீர்த்திகாவின் மறு கை அவள் நெஞ்சையே தொட்டது. "இவ நான் பெத்த பிள்ள."