ஒரு தடவை அடித்து நின்ற போன்

பழைய கிராணி வீட்டின் முன்னால் காடியை நிறுத்தி இறங்கியபோது தினேஸ்வரிக்கு வழக்கம்போல அந்த வாசம் வந்தது. புளித்த ரப்பர் பாலின் வாசம். ஈப்போவிலிருந்து வரும் வழியெல்லாம் இப்போது செம்பனையும் புதுக் குடியிருப்புத் தாமான் வீடுகளும்தான். ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் இந்த வீட்டு வாசலில் மட்டும் யாரோ இப்போதுதான் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி குடியிருந்த வீடு அது. தோட்டம் விற்றுப்போன பிறகு சும்மா கிடந்ததை யாரோ வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை மத்தியானங்களில் குரோஷே பின்னல் வகுப்பு நடத்தினார்கள். முன்கூடத்தில் பெண்கள் நெருக்கி அடித்து உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். தினேஸ்வரிக்கு அந்தச் சிரிப்புக்குள் எப்படி நுழைவது என்று தெரியவில்லை. முதல் நாளே நூல் உருண்டையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

அங்கேதான் சரளா இருந்தாள்.

ஏறக்குறைய இவள் வயதுதான். நீலப்பூப் போட்ட கைலி, தளர்ந்த சட்டை, மடியில் மஞ்சள் நூல். சன்னலோரத்தில் உட்கார்ந்து சங்கிலிக் கண்ணியாகப் போட்டுக்கொண்டே இருப்பாள். அது எப்போதும் அதே நீளத்தில்தான் இருக்கும். தினேஸ்வரி ஒருமுறை கேட்டபோது, "பிரிச்சுப் பிரிச்சுப் போடுறேன் லா. முடிச்சிட்டா வீட்டுக்குப் போகணுமே," என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அம்மா இறந்த பிறகு பாகான் டத்தோவை விட்டு வந்தவள் தினேஸ்வரி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. அவள் போனில் வரும் செய்திகள் வங்கியுடையவை, அல்லது தொழிற்சாலையுடையவை. சனிக்கிழமைகளில் மட்டும்தான் அவள் குரல் வேலையில்லாத ஒரு விஷயத்துக்காக வெளியே வந்தது. சரளாவிடம் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசினாள். லூமுட் வரைக்கும் போயும் பங்கோர் தீவு ஃபெரியில் ஏறாமல் திரும்பியதைச் சொன்னாள். கூட ஆள் இல்லாமல் ஏற மனம் வரவில்லை என்பதையும் சொன்னாள்.

"நானும் ஏறினதில்ல," என்றாள் சரளா.

இன்றைக்கு வகுப்பின் கடைசி நாள். இன்றைக்கு விட்டால் பிறகு இல்லை.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை செய்யும் ஷாமினியிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டிருந்தாள்.

"ஒருத்தங்ககிட்ட நம்பர் கேக்குறது எப்படி?"

ஷாமினி கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருக்கா அந்த மாப்ள?"

"பொம்பள லா. பின்னல் கிளாஸ்ல."

"அட, அவ்ளோதானா. கேளுங்க. பேச்சு நடுவுல கேக்காதீங்க, கெளம்புற நேரத்துல கேளுங்க. நாலு பேர் முன்னால வேணாம், அவங்களுக்கு மாட்டேன்னு சொல்ல முடியாது. எதுக்குக் கேக்குறீங்கன்னு சொல்லணும். சும்மா 'நம்பர் குடுங்க'ன்னா பயந்துருவாங்க. போனை மூஞ்சிக்கு முன்னால நீட்டாதீங்க. தயங்கினாங்கன்னா, 'பரவால்ல, என் நம்பர வெச்சுக்கிங்க, தோணுச்சுன்னா கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு விட்டுடணும். ஒரே ஒரு தடவதான் கேக்கணும்."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"வேணாம்னா வேணாம். சிரிச்சிட்டு வந்துருங்க. அக்கா, இது பொண்ணு கேக்குற மாதிரி இல்ல, இவ்வளவு யோசிக்கிறதுக்கு."

இரவெல்லாம் யோசித்தாள்.

முன்கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பைகளை மூடும் சத்தம். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. தினேஸ்வரி தன் கொக்கியை உறையில் போட்டாள். போனைப் பைக்குள்ளேயே விட்டாள்.

"உங்க கூடப் பேசினது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு," என்றாள். "கிளாஸ் முடிஞ்சிருச்சு. ஒரு நாள் பங்கோர் போலாமான்னு கேக்க ஆசை. உங்களுக்குச் சங்கடம் இல்லன்னா உங்க நம்பர் தாரீங்களா? வேணாம்னாலும் ஒண்ணுமில்ல, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

சரளாவின் விரல்கள் நின்றன. அத்தனை சனிக்கிழமைகளில் அவை நின்று தினேஸ்வரி பார்த்ததில்லை.

"தோட்டத்து லயத்து ஆளுங்க எல்லாம் பட்டணத்துக்குப் போனப்ப," என்றாள் சரளா மெதுவாக, "ஒருத்தர்கூட என்கிட்ட விலாசம் கேக்கல."

அதைத் தினேஸ்வரி தயக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஷாமினி சொன்ன வழி நினைவுக்கு வந்தது.

"அப்படின்னா என் நம்பர வெச்சுக்கிங்க. தோணுறப்பக் கூப்பிடுங்க. ஒரு மிஸ்கால் போதும். ஒரு தடவ அடிச்சுட்டு வெச்சிடுங்க. நான் திரும்பக் கூப்பிடுவேன்."

"ஒரு தடவ," என்றாள் சரளா. "எனக்கும் அவ்வளவுதான் முடியும்."

தினேஸ்வரி எண்ணைச் சொன்னாள். சரளா எதிலும் எழுதிக்கொள்ளவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

வாசலில் எல்ஸி நின்றுகொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற தாதி. வாரம் தவறாமல் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் கொண்டுவருவாள். குடையை தினேஸ்வரியின் தலைக்கு மேல் நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கலாமா மா? ரெண்டு மூணு வாரமாக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க தனியாப் போய் உக்காந்துக்கிறீங்க, உங்களுக்கு அதான் புடிக்கும் போலன்னு தொந்தரவு பண்ணல. உங்க கண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு. எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா? நம்பர் தர இஷ்டம்னா மட்டும் தாங்க."

தினேஸ்வரி சிரித்துவிட்டாள். ஒரே நாளில் இரண்டு பேர். தனியா இல்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். கதவு மறைத்திருக்கும், இவர்கள் சரளாவைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டாள். எண்ணைக் கொடுத்தாள். எல்ஸி கையிலிருந்த நூல் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

"என் போன் வீட்டுல சார்ஜுல கெடக்கு. போனதும் கூப்பிடுறேன்."

பொழுது சாயும் நேரத்தில் தினேஸ்வரி சமையலறையில் நின்றிருந்தாள். அந்த நேரத்துக்கு என்று அம்மாவிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவள் வளர்ந்த தோட்டத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் என்ன என்று கேட்கலாம். மனுசர் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். மற்றதால் ஒரு தடவைதான் கூப்பிட முடியும்.

போன் ஒரு தடவை அடித்து நின்றது.

தெரியாத எண். ஈப்போ வீட்டு எண்போல ஆரம்பித்தது. ஒரு இலக்கம் குறைவாக இருந்ததுபோல் பட்டது. எண்ணை எழுதிக்கொண்டது எல்ஸி அக்காதானே, அவர் வீட்டு போனாக இருக்கும் என்று நினைத்து, அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

வெகுநேரம் அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். முதலில் மழைதான் கேட்டது. தகரக் கூரையில் விழும் மழை.

இங்கே மழை எப்போதோ விட்டிருந்தது.

"கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் சரளா.

அந்தக் குரலைக் கேட்டதும் தினேஸ்வரிக்கு வந்தது சந்தோஷம்தான். அதைப் பிறகு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

"வீட்டுக்குப் போயிட்டீங்களா சரளா?"

"இங்கதான் இருக்கேன். சன்னல்கிட்ட. எல்லாரும் பூட்டிட்டுப் போயிட்டாங்க."

காதருகே வேறொரு அழைப்பின் சத்தம் குறுக்கிட்டது. அது நின்றது. மறுபடியும் வந்தது. நின்றது. மறுபடியும்.

"அவங்க விட மாட்டாங்க. எடுங்க," என்றாள் சரளா. "நான் காத்திருப்பேன்."

எல்ஸிதான். "எத்தன தடவ மா கூப்பிடுறது? யார்கூட அவ்வளவு நேரம்?"

"சரளா கூட, அக்கா. பின்னறையில என் பக்கத்துல உக்காருவாங்களே."

எல்ஸி குரலைத் தாழ்த்தினாள்.

"தினேஸ்வரி மா, அந்த ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு. அதுல நீங்கதான் உக்காந்திருப்பீங்க. போன வாரம் தண்ணி குடுக்க நான் உள்ள வந்தேன். சொவரப் பாத்துச் சிரிச்சிட்டிருந்தீங்க. பாட்டு எதும் கேக்குறீங்களோன்னு திரும்பிட்டேன்."

தினேஸ்வரி போன் திரையைப் பார்த்தாள்.

"அந்த லைன் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் எல்ஸி.

"இருக்கு."

"வேணாம்னு சொல்லிட்டு வெச்சிடுங்க. சும்மா வெக்காதீங்க, வாயத் தொறந்து சொல்லணும். விலாசம் அனுப்புங்க, நான் இப்ப வாரேன்."

விலாசத்தை அனுப்பிவிட்டுப் பழைய அழைப்புக்குத் திரும்பினாள். மழை இப்போது பக்கத்தில் கேட்டது.

"அவங்க சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள் சரளா.

தினேஸ்வரி சமையலறைச் சன்னலைச் சாத்தினாள்.

"பரவால்ல. நீங்க கேட்ட மாதிரியே நானும் கேக்குறேன். உங்களுக்குச் சங்கடம் இல்லன்னா நான் அங்க வரட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. தப்பா நெனைக்க மாட்டேன். திரும்பக் கேக்கவும் மாட்டேன்."

ஒரே ஒரு சொல். அது நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் சரளா அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்தாள். அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்ட முதல் குரல் அது. பயந்திருந்தபோதும் அந்தக் குரலிடம் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்கு வேறு ஒரு பேச்சு இருந்தது.

"இன்னொரு நாள் பாப்போம்," என்றாள்.

மழை நின்றது.

"சரி," என்றாள் சரளா. "இன்னொரு நாள்."

எல்ஸி கறிபாப்போடும் கழுத்தில் செபமாலையோடும் வந்தாள். இரவு அங்கேயே தங்கினாள். போனில் அந்த எண்ணைத் தேடினார்கள். வந்ததற்கும் போனதற்கும் அடையாளமே இல்லை. எல்ஸி நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "வேணாம்னு சொன்னீங்கதானே?" என்றாள். தினேஸ்வரி ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதன்பின் சனிக்கிழமைகளில் எல்ஸி அவள் வீட்டுக்கே வந்தாள். இருவரும் பின்னினார்கள். எல்ஸி கண்ணியைத் தவறவிட்டுத் திட்டிக்கொண்டாள், தினேஸ்வரி சத்தமாகச் சிரித்தாள். ஒரு ஞாயிறு பங்கோருக்கும் போய் வந்தார்கள். ஃபெரியில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரோ உட்கார வந்தபோது, ஆள் வருவாங்க என்று தினேஸ்வரி தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். எல்ஸி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை எல்ஸி வரத் தாமதமானது. தினேஸ்வரி சமையலறை விளக்கைப் போட்டாள்.

போன் ஒரு தடவை அடித்து நின்றது.

அவள் தொடவில்லை.

கேட்டின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவாக, மரியாதையாக.

"தினேஸ்வரி."

அது எல்ஸியாக இருக்கலாம். அவள் சுவரோடு ஒட்டி நின்று இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் அடங்கியது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது.

இரண்டாவது அழைப்பு வரவில்லை.

போன் மினுங்கியது. எல்ஸியின் செய்தி. காடி ஸ்டார்ட் ஆகவில்லை, இன்றைக்கு வர முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் மா.

வெகுநேரம் கழித்து தினேஸ்வரி வெளியே போனாள். தரை காய்ந்து கிடந்தது. புளித்த பாலின் வாசம் வந்தது. கேட் பூட்டியபடிதான் இருந்தது. உட்பக்கத் தாழ்ப்பாளில் மஞ்சள் நூலில் பின்னிய சங்கிலி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு நாள் என்று சொன்னது தினேஸ்வரிதான். அவள் அறிந்த நீளத்தைவிட அது ஒரு கண்ணி கூடுதலாக இருந்தது. அந்தக் கடைசிக் கண்ணி முடிச்சுப் போடாமல் திறந்தே கிடந்தது.